மதிப்பெண் முட்டி நிற்கும்போது: கூரை விளைவும் தரை விளைவும்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் மாலை வகுப்பு நடத்துகிறவர்கள் ஆண்டு முடிவில் ஓர் அறிக்கை எழுதுவது வழக்கம். ஜூனில் ஒரு கணக்குத் தேர்வு வைத்திருப்பார்கள், மார்ச்சில் அதே தேர்வைத் திரும்ப வைத்திருப்பார்கள். கடற்கரைப் பிள்ளைகளின் சராசரி ஒரு பக்கம், இராமநாதபுரம் டவுன் பள்ளி ஒன்றின் சராசரி இன்னொரு பக்கம். கீழே ஒரு வரி: "இரு தரப்புக்கும் இருந்த இடைவெளி ஏறக்குறைய பாதியாகக் குறைந்துள்ளது." படிக்கிறவருக்கு மனசு நிறையும். அந்த வரி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பிள்ளைகள் யாரும் யாரையும் எட்டிப் பிடிக்காமலே, வினாத்தாள் மட்டும் தனியாக நின்று அந்த வரியை உண்டாக்கிவிடவும் முடியும். அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

மீன் இறங்கும் இடத்தில் கொக்கியில் தொங்கவிட்டு எடை பார்க்கும் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 கிலோ வரைதான் கோடு இருக்கிறது. 11 கிலோ சீலாவைத் தொங்கவிட்டால் முள் 10-ல் போய் முட்டி நிற்கும். 16 கிலோ சீலாவைத் தொங்கவிட்டாலும் அதே 10-தான். இரண்டு மீனும் சமம் என்று எந்த ஏலக்காரரும் சொல்லமாட்டார். தராசு போதவில்லை என்பார். மதிப்பெண் விஷயத்தில் மட்டும் நாம் அப்படிச் சொல்வதில்லை. 20-க்கு 20 வாங்கிய இரண்டு பிள்ளைகளையும் சமம் என்று எழுதி, சராசரியும் போட்டுவிடுகிறோம்.

வினாத்தாள் எளிதாக இருந்து, நிறையப் பேர் முழு மதிப்பெண்ணிலோ அதை ஒட்டியோ போய்க் குவிந்துவிட்டால் அதற்குக் கூரை விளைவு என்று பெயர். தாள் கடினமாக இருந்து, நிறையப் பேர் பூஜ்யத்தில் கிடந்தால் அது தரை விளைவு. இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: ஒரு கட்டத்துக்கு மேலே, அல்லது கீழே, பிள்ளைக்குப் பிள்ளை இருக்கும் வித்தியாசத்தைத் தாள் பதிவு செய்வதில்லை. ஒரு வகுப்பை மட்டும் பார்க்கும்போது இதனால் பெரிய சேதம் வராது. இரண்டு குழுக்களை ஒப்பிடும்போதுதான் வில்லங்கம். ஏனென்றால் இரண்டு குழுவும் ஒரே அளவில் கூரையை முட்டுவதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நானே அமைத்தவை. எந்தப் பள்ளியின் மதிப்பெண்ணும் இல்லை.

எளியதிலிருந்து கடினமானது வரை வரிசையாக 40 கணக்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் ஒற்றை இலக்கக் கூட்டல், அப்புறம் கடன் வாங்கிக் கழித்தல், பெருக்கல், வகுத்தல், பின்னம், கடைசியில் சதவீதமும் வட்டியும். ஒவ்வொரு பிள்ளையும் இந்த வரிசையில் ஓர் இடம் வரை போகும், அதற்கு மேல் போகாது. "12-ல் இருக்கும் பிள்ளை" என்றால் முதல் 12 கணக்கையும் போட்டுவிடும், 13-வதில் நின்றுவிடும். நிஜத்தில் இவ்வளவு சுத்தமாக இருக்காது, தெரியும். அதைப் பிறகு பார்க்கலாம்.

ஜூன் மாதம் டவுன் பள்ளியில் பத்துப் பிள்ளைகள் இருக்கும் இடம்: 12, 14, 15, 16, 17, 18, 18, 19, 20, 21. கூட்டினால் 170, சராசரி 17. கடற்கரை வகுப்பில் பத்துப் பிள்ளைகள்: 5, 7, 8, 9, 10, 11, 11, 12, 13, 14. கூட்டினால் 100, சராசரி 10. ஆக, இடைவெளி 7 கணக்கு.

மார்ச் வருகிறது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிள்ளையும் சரியாக 6 கணக்கு முன்னேறியிருக்கிறது. டவுன் சராசரி 23, கடற்கரைச் சராசரி 16. இடைவெளி அதே 7. யாரும் யாரையும் நெருங்கவில்லை, யாரும் விலகியும் போகவில்லை. நமக்கு இது தெரியும், ஏனென்றால் அமைத்ததே நாம்தான். தேர்வு வைக்கிறவருக்குத் தெரியாது. அவர் கையில் இருப்பது 20 கேள்வி கொண்ட ஒரு தாள் மட்டும்.

முதலில், அவர் வரிசையின் முதல் 20 கணக்கை எடுத்துத் தாள் தயாரிக்கிறார். எளிய தாள். ஜூனில் டவுன் பிள்ளைகளில் 21-ல் இருந்தவருக்கு 20-தான் கிடைக்கும், மற்றவர்களுக்கு உள்ளபடி கிடைக்கும். சராசரி 16.9. கடற்கரைச் சராசரி 10. இடைவெளி 6.9. இதுவரை பழுதில்லை. மார்ச்சில் டவுன் பிள்ளைகள் 18 முதல் 27 வரை இருக்கிறார்கள். ஒருவருக்கு 18, மீதி ஒன்பது பேருக்கும் 20. சராசரி 19.8. கடற்கரைப் பிள்ளைகள் 11 முதல் 20 வரை. எல்லாரும் தாளுக்குள்ளேயே அடங்குகிறார்கள், சராசரி 16. இடைவெளி 3.8.

அறிக்கையில் என்ன வரும்? டவுன் 2.9 ஏறியது, கடற்கரை 6 ஏறியது. இரு மடங்கு வேகம். இடைவெளி ஏறக்குறைய பாதி.

இப்போது இன்னொருவர், அதே பிள்ளைகளுக்கு, வரிசையின் 16-வது கணக்கு முதல் 35-வது கணக்கு வரை எடுத்துத் தாள் தயாரிக்கிறார். இதுவும் 20 கேள்விதான், ஆனால் கடினமான தாள். ஜூனில் கடற்கரைப் பிள்ளைகள் பத்துப் பேருக்கும் பூஜ்யம். டவுனில் மூன்று பேருக்குப் பூஜ்யம், மற்றவர்களுக்கு 1 முதல் 6 வரை; சராசரி 2.4. மார்ச்சில் டவுன் சராசரி 8. கடற்கரையில் நான்கு பேர் இன்னும் பூஜ்யத்தில் இருக்கிறார்கள், ஆறு பேர் 1 முதல் 5 வரை வாங்குகிறார்கள், சராசரி 1.7. இடைவெளி 2.4-லிருந்து 6.3 ஆகிவிட்டது. அறிக்கையில், "டவுன் 5.6 ஏறியது, கடற்கரை 1.7 ஏறியது; இடைவெளி இரண்டரை மடங்குக்கு மேல் விரிந்துவிட்டது" என்று வரும். மாலை வகுப்புக்குக் கிடைத்துவந்த நன்கொடை நின்றுபோக இது போதும்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படி இருக்கும்:

| | ஜூன் இடைவெளி | மார்ச் இடைவெளி |
|---|---|---|
| உள்ளபடி (40 கணக்கு) | 7.0 | 7.0 |
| எளிய தாள் (1–20) | 6.9 | 3.8 |
| கடினத் தாள் (16–35) | 2.4 | 6.3 |

அதே இருபது பிள்ளைகள், அதே ஆறு கணக்கு முன்னேற்றம். ஒரு தாள் இடைவெளி சுருங்கியது என்கிறது, இன்னொன்று விரிந்தது என்கிறது. இரண்டிலும் கூட்டல் பிழை இல்லை, திருத்தியவர் கைத்தவறு இல்லை, யாரும் பொய் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு எப்போதும் உறுத்துவது இதுதான். தவறான எண்ணாக இருந்தால் சரிபார்க்கும்போது பிடித்துவிடலாம். இங்கே ஒவ்வோர் எண்ணும் சரியானது.

எளிய தாளை இன்னொரு திருகு திருகிப் பார்ப்போம். டவுன் பிள்ளைகள் 6-க்குப் பதில் 8 கணக்கு முன்னேறியிருந்தால்? அப்போது உண்மையான இடைவெளி 7-லிருந்து 9 ஆகக் கூடியிருக்கும். ஆனால் எளிய தாளில் டவுன் பிள்ளைகள் பத்துப் பேரும் 20-ல் நிற்பார்கள், சராசரி 20, இடைவெளி 4. நிஜத்தில் விரிந்த இடைவெளியைத் தாள் சுருங்கியதாகக் காட்டும். அதாவது கூரை, வித்தியாசத்தைக் கொஞ்சம் குறைத்துக் காட்டுவதோடு நிற்பதில்லை, திசையையே மாற்றிவிடும்.

ஜூனிலேயே இதைக் கண்டுபிடித்திருக்க முடியும். டவுன் சராசரி 16.9, தாளின் உச்சம் 20. அப்படியென்றால் அந்தக் குழு எவ்வளவு கற்றாலும் சராசரி 3.1-க்கு மேல் ஏறவே முடியாது. ஏறியது 2.9. ஏற இடமே இல்லாத குழுவை, ஏற 10 மதிப்பெண் இடமுள்ள குழுவோடு ஓடவிட்டு, "இவர்கள் மெதுவாக ஓடினார்கள்" என்று எழுதியிருக்கிறோம்.

சரி, அறிக்கை மட்டும் கையில் இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? சராசரியைப் பார்த்தால் தெரியாது. முழு மதிப்பெண் எத்தனை பேர், பூஜ்யம் எத்தனை பேர் என்று குழுவாரியாகக் கேட்க வேண்டும். உடல்நல வினாப்பட்டியல்களை மதிப்பிடும் ஆய்வாளர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: ஒரு குழுவில் 15 சதவீதத்துக்கு மேல் உச்ச மதிப்பெண்ணில் இருந்தால் கூரை, அதேபோல் கீழே இருந்தால் தரை. அந்த 15-க்குப் பின்னால் பெரிய கோட்பாடு எதுவும் இல்லை. பழக்கத்தில் வந்த எல்லைக்கோடு. ஆனால் உதவும். நம் எடுத்துக்காட்டில் ஜூனிலேயே டவுன் பிள்ளைகள் பத்தில் இரண்டு பேர் 20 வாங்கிவிட்டார்கள், அதாவது 20 சதவீதம். மார்ச்சில் 90 சதவீதம்.

இன்னோர் அடையாளம் திட்டவிலக்கம். மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்று சொல்லும் எண் அது. பத்தாம் வகுப்பில் எல்லாரும் போட்ட கணக்குதான். எளிய தாளில் டவுன் குழுவின் திட்டவிலக்கம் ஜூனில் சுமார் 2.5. மார்ச்சில் 0.6. ஒரே ஆண்டில் பத்துப் பிள்ளைகளும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆகிவிட்டார்களா என்ன? பரவல் திடீரென்று சுருங்கி, சராசரி உச்சத்தை ஒட்டி நின்றால், பெரும்பாலும் கூரையில் முட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எண்ணே இல்லாமல் விடைத்தாளைப் பார்த்தும் சொல்லிவிடலாம். எனக்கு இதுதான் பிடித்த முறை. கூரை தட்டிய வகுப்பில் ஒரு மணி நேரத் தேர்வு இருபது நிமிடத்தில் முடிந்திருக்கும். தாளின் பின்பக்கத்தைத் திருப்பினால் ஒரு வள்ளம், அதில் ஒரு பாய், கீழே நண்டு, ஓரத்தில் தோழியின் பெயர் என்று படம் வரைந்து வைத்திருப்பார்கள். அந்த மீதி நாற்பது நிமிடத்தில் அந்தப் பிள்ளையால் என்னென்ன போட்டிருக்க முடியும் என்று நாம் கேட்கவே இல்லை. தரை தட்டிய வகுப்பில் நேர்மாறு. தாள் நிறைய எழுத்து இருக்கும், மதிப்பெண் இருக்காது. விடை எழுத வேண்டிய இடத்தில் கேள்வியையே அழகான கையெழுத்தில் திருப்பி எழுதி, கீழே கோடும் போட்டிருப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு எழுதப் படிக்கத் தெரியும், கழித்தல் தெரியும், மீன் விற்ற காசில் பங்கு பிரிப்பது மனக்கணக்காகவே வரும். வட்டிக் கணக்கு கேட்ட தாளில் அதில் எதற்கும் இடமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், எண்களையே இன்னும் அடையாளம் தெரியாத பிள்ளைக்கும் அதே பூஜ்யம்தான்.

நம் வரிசையில் 12-ல் இருக்கும் பிள்ளை முதல் 12-ஐயும் தப்பில்லாமல் போடும் என்று வைத்துக்கொண்டோம். நிஜத்தில் தெரிந்த கணக்கிலும் கை தவறும். இதனால் கூரை ஒரு கோடாகத் தெரியாது. 18, 19, 20 என்று மூன்று எண்ணில் கூட்டம் சேரும். பார்க்கிறவருக்கு "மூன்று நிலை இருக்கிறதே, வித்தியாசம் தெரிகிறதே" என்று தோன்றும். ஆனால் அந்த உயரத்தில் 18-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் கணக்குத் திறமையில் வந்தது இல்லை. யார் 7-ஐ 1 மாதிரி எழுதினார், யார் அவசரமாகத் தாளைக் கொடுத்தார் என்பதில் வந்தது. முழு மதிப்பெண் வாங்கியவர் சதவீதம் குறைவாக இருந்தாலும் கூரை இருக்கலாம் என்று சொல்வது இதனால்தான்.

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தாளில் தரை இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும். 20 கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே சராசரியாக 5 சரியாகிவிடும். அப்படிப்பட்ட தாளின் தரை பூஜ்யம் இல்லை, 5. அதுவும் ஒரே இடத்தில் நிற்காது; அதிர்ஷ்டத்தைப் பொறுத்து பெரும்பாலும் 3 முதல் 7 வரை போகும். ஒன்றும் தெரியாத வகுப்பின் மதிப்பெண் பட்டியல் 3, 6, 5, 7, 4 என்று பார்க்க இயல்பாகவே இருக்கும். பூஜ்யம் ஒன்றுகூட இல்லை, ஆகவே தரை விளைவு இல்லை என்று நினைத்துவிடுவோம். இதைப் பிடிக்க ஒரு வழி, கேள்விவாரியாகப் பார்ப்பது. ஓரளவு தெரிந்த வகுப்பில் எளிய கேள்வியை எண்பது சதவீதம் பேரும், கடினக் கேள்வியை இருபது சதவீதம் பேரும் சரியாகக் குறித்திருப்பார்கள். தரையில் கிடக்கும் வகுப்பில் எளியது, கடினமானது எல்லாவற்றிலும் கால்வாசிப் பேர்தான் சரியாக இருப்பார்கள். அப்படி ஒரு பட்டியலைப் பார்த்தால், அந்தக் குழுவின் சராசரி 5.2 என்பதையும் அடுத்த ஊரின் சராசரி 4.9 என்பதையும் ஒப்பிட்டுப் பேச எதுவும் இல்லை. இரண்டும் வெறும் குலுக்கல்.

இது ஊர் அளவிலான தேர்வுகளுக்கு மட்டும் வரும் தொல்லை இல்லை. பிரதம் அமைப்பு 2005-ல் தொடங்கிய 'அசர்' கணக்கெடுப்பைப் பலரும் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். கிராமங்களில் வீடு வீடாகப் போய், 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். எழுத்து, சொல், முதல் வகுப்பு நிலையில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு கதை, அதோடு முடிந்தது. கணக்கில் உச்சம், மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுப்பது. அடிப்படை வந்துவிட்டதா என்று பார்க்கவே அமைத்த கருவி அது, அந்த வேலையை நன்றாகச் செய்கிறது. மூன்றாம் வகுப்பில் இரண்டு குழுக்களை ஒப்பிட அது பொருந்தும். எட்டாம் வகுப்பில் அதே கருவியை வைத்து "இரண்டு குழுவுக்கும் வாசிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை" என்று சொல்ல வந்தால் கவனமாக இருக்க வேண்டும். இரண்டாம் வகுப்புக் கதையைத் தட்டுத் தடுமாறாமல் படித்த எட்டாம் வகுப்புப் பிள்ளையும், நாளிதழ்த் தலையங்கத்தையே படிக்கக்கூடிய எட்டாம் வகுப்புப் பிள்ளையும் அதில் ஒரே கட்டத்தில்தான் விழுவார்கள்.

தரைப் பக்கத்துக்கும் உலக அளவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் 'பிர்ல்ஸ்' தேர்வு, 2006-ல் தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளுக்குத் தூக்க முடியாத பாரமாக இருந்தது. எல்லாரும் அடிமட்டத்தில் கிடந்தால் அந்த நாட்டுக்குள் எந்தப் பள்ளி எப்படி என்று எதுவும் தெரியாது. ஆகவே 2011-ல் 'முன்-பிர்ல்ஸ்' என்று எளிய பதிப்பு ஒன்றைத் தனியாக உருவாக்கினார்கள். தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, கொலம்பியா அதில் கலந்துகொண்டன. கேட்கும் இடத்தைக் கீழே இறக்கியதும் பிள்ளைகளுக்குள் இருந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

இதையெல்லாம் சொன்னதும் மாலை வகுப்பு நடத்தும் தங்கை ஒருவர் கேட்டார்: "சார், இருபதுக்கு இருபது வாங்குன பிள்ளைகளை எடுத்துட்டு, மிச்சப் பேருக்கு மட்டும் சராசரி போட்டா சரியா வந்துருமா?"

"வராதும்மா. இன்னும் மோசமாத்தான் வரும்."

ஏன் மோசமாகும் என்பதை நம் எண்களிலேயே பார்க்கலாம். மார்ச்சில் எளிய தாளில் 20 வாங்கியவர்களை நீக்கினால் டவுன் பக்கம் மிஞ்சுவது ஒரே ஒரு பிள்ளை, அதற்கு 18. கடற்கரைப் பக்கம் ஒருவரை நீக்கினால் மீதி ஒன்பது பேருக்குச் சராசரி 15.6. இடைவெளி 2.4 ஆகிவிட்டது. உண்மை 7, கூரையோடு 3.8; நீக்கிய பிறகு 2.4. நீக்குவது எப்போதும் உயரத்தில் இருக்கும் குழுவில்தான் அதிகமாக நடக்கும் என்பதால், அந்தக் குழுவின் கெட்டிக்காரப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு மற்றவர்களோடு ஒப்பிடுவதுபோல் ஆகிறது.

"எத்தனை சதவீதம் வளர்ச்சி" என்று மாற்றிச் சொல்வது இன்னொரு பழக்கம். டவுன் 16.9-லிருந்து 2.9 ஏறியது, 17 சதவீதம். கடற்கரை 10-லிருந்து 6 ஏறியது, 60 சதவீதம். கூரை செய்த கோணலை இது இன்னும் ஊதிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

சராசரிக்குப் பதில் இடைநிலை அளவைப் பார்ப்பது கொஞ்சம் பாதுகாப்பானது. மதிப்பெண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுப்பதால், உச்சத்தில் சிலர் முட்டி நின்றாலும் நடு எண் அசையாது. ஆனால் குழுவில் பாதிக்கு மேல் முட்டிவிட்டால் நடுவில் நிற்பவரே கூரையில்தான் இருப்பார். நம் டவுன் குழுவின் மார்ச் இடைநிலை 20. உண்மையில் அது 23.5. ஆக அதுவும் கைவிட்டது. புள்ளியியல்காரர்களிடம் டோபிட் என்று ஒரு முறை உண்டு; ஜேம்ஸ் டோபின் 1958-ல் வெளியிட்டது. "20 என்று எழுதியிருப்பதை 20 அல்லது அதற்கு மேல் என்று எடுத்துக்கொள்" என்று கணக்குக்குச் சொல்லிவிட்டு, மீதி மதிப்பெண்களின் பரவலை வைத்து மேலே மறைந்திருப்பதை மதிப்பிடுவது அதன் வேலை. பத்தில் இரண்டு பேர் முட்டியிருந்தால் ஓரளவு நம்பலாம். அதுவும், மறைந்த பகுதியும் தெரிந்த பகுதியின் போக்கிலேயே இருக்கும் என்ற ஊகத்தின் மேல் நிற்கிறது. பத்தில் ஒன்பது பேர் முட்டிய பிறகு ஒரே ஒரு 18-ஐ வைத்துக்கொண்டு எந்தச் சூத்திரமும் ஒன்றும் செய்ய முடியாது. கேட்காத கேள்விக்குப் பிள்ளை என்ன விடை எழுதியிருக்கும் என்பது எந்தக் கணினியிலும் இல்லை.

ஆகவே வேலை தாள் தயாரிக்கும் நாளிலேயே இருக்கிறது. நம் 40 கணக்கு வரிசைக்கே திரும்புவோம். 1 முதல் 20 வரை எடுக்காமல், 16 முதல் 35 வரையும் எடுக்காமல், ஒன்று விட்டு ஒன்று எடுப்போம்: 2, 4, 6 என்று 40 வரை. இதுவும் 20 கேள்விதான், அதே நேரம்தான். ஜூனில் டவுன் பிள்ளைகளுக்குக் கிடைப்பது 6, 7, 7, 8, 8, 9, 9, 9, 10, 10; சராசரி 8.3. கடற்கரைப் பிள்ளைகளுக்கு 2, 3, 4, 4, 5, 5, 5, 6, 6, 7, சராசரி 4.7. இடைவெளி 3.6. மார்ச்சில் எல்லாருக்கும் சரியாக 3 மதிப்பெண் கூடும். டவுன் 11.3, கடற்கரை 7.7, இடைவெளி அதே 3.6. முதல்முறையாக ஒரு தாள் நடந்ததை நடந்தபடி சொல்கிறது. யாரும் பூஜ்யத்திலும் இல்லை, யாரும் 20-ஐ நெருங்கவும் இல்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. 16-ல் இருக்கும் பிள்ளைக்கும் 17-ல் இருக்கும் பிள்ளைக்கும் இப்போது ஒரே 8. நெருங்கி நிற்கும் இருவரைப் பிரித்துப் பார்க்கும் கூர்மை குறைந்துவிட்டது. வகுப்புக்குள் யாருக்கு முதல் பரிசு என்று பார்க்க இந்தத் தாள் சரிப்படாது. இரண்டு குழுக்களை, இரண்டு காலத்தில், ஒப்பிட இதுதான் தேவை. இரண்டு வேலைக்கும் ஒரே தாளைப் போடுவதில்தான் பாதிச் சிக்கலே ஆரம்பிக்கிறது.

நடைமுறையில் யாரிடமும் இப்படி அடுக்கி வைத்த 40 கணக்கு இருக்காது. ஆகவே முன்னோட்டம் பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலிருந்தும் நாலைந்து பிள்ளைகளுக்குத் தாளைக் கொடுத்துப் பாருங்கள். அதுவும் ஜூன் நிலைக்கு மட்டும் பார்த்தால் போதாது. மார்ச்சில் வரப்போகும் நிலைக்கும் தாள் தாங்க வேண்டும் என்பதால், ஒரு வகுப்பு மேலே உள்ள பிள்ளைகளிடமும் கொடுத்துப் பார்க்க வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். டவுன் ஐந்தாம் வகுப்புக்குத் தயாரித்த தாளில் டவுன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 19-ம் 20-மாக வாங்கினால், மார்ச்சில் என்ன நடக்கும் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

பிள்ளைகள் குறைவாக இருந்தால் வாய்மொழியாக, ஒவ்வொருவராகக் கேட்பது இன்னும் நல்லது. நடுவில் உள்ள ஒரு கணக்கில் தொடங்கி, போட்டுவிட்டால் மேலே, திணறினால் கீழே என்று நகர்ந்து, பிள்ளை நிற்கும் இடத்தைப் பிடித்துவிடலாம். பத்துக் கேள்விக்குள் வேலை முடியும், கூரையும் தரையும் குறுக்கே வராது. கணினியில் நடத்தும் தகவமைப்புத் தேர்வுகள் செய்வதும் இதைத்தான்; நமக்கு ஒரு பாயும் கணக்கு எழுதிய அட்டைகளும் போதும்.

ஒரு விஷயத்தை மட்டும் ஒளிக்கக் கூடாது. 5-லிருந்து 11-க்குப் போன பிள்ளையும் 18-லிருந்து 24-க்குப் போன பிள்ளையும் 'ஒரே அளவு' கற்றதாக நாம் எழுதிக்கொண்டோம். இரண்டும் 6 கணக்குத்தான். ஆனால் கடன் வாங்கிக் கழித்தலைப் பிடிப்பதும் பின்னத்தைப் பிடிப்பதும் ஒரே பாடுதானா? அதற்கு மதிப்பெண் பதில் சொல்லாது. வெவ்வேறு இடத்தில் தொடங்கிய இரண்டு குழுக்களின் ஏற்றத்தை ஒப்பிடும்போது இந்தக் கேள்வி எப்போதும் மீதி இருக்கும், கூரையும் தரையும் இல்லாத நல்ல தாளிலும்கூட. ஏறக்குறைய ஒரே இடத்தில் தொடங்கிய பிள்ளைகளை மட்டும் இரு பக்கத்திலிருந்தும் எடுத்து ஒப்பிடுவது ஒரு வழி. நம் எடுத்துக்காட்டில் டவுனில் 12, 14-ல் தொடங்கியவர்களையும் கடற்கரையில் 12, 13, 14-ல் தொடங்கியவர்களையும் பார்க்கலாம். எண்ணிக்கை சிறுத்துவிடும்; ஒரே ஒரு பிள்ளைக்கு அன்று காய்ச்சல் என்றால் முடிவே மாறிவிடும். இன்னொன்று, ஒரு குழுவின் கடைக்கோடியையும் இன்னொரு குழுவின் முன்வரிசையையும் எடுத்து ஒப்பிடுகிறோம். ஜூனில் முன்வரிசைப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு அதிர்ஷ்டமும் கடைக்கோடிப் பிள்ளைகளுக்குத் துரதிர்ஷ்டமும் கொஞ்சம் கலந்திருக்கும். மார்ச்சில் இரண்டு பக்கமும் தங்கள் தங்கள் குழுவின் சராசரியை நோக்கி லேசாக நகர்வார்கள். அது கற்றதாலும் கல்லாததாலும் வந்ததாகத் தெரியும்.

எல்லாக் கூரையும் பழுது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வள்ளத்தில் ஏறும் பிள்ளைக்கு லைஃப் ஜாக்கெட்டைச் சரியாகக் கட்டத் தெரியுமா என்று பத்துக் கேள்வி வைத்து, எல்லாரும் 10 வாங்கினால் அது நல்ல செய்தி. அங்கே நாம் கேட்டது "எல்லாருக்கும் வந்துவிட்டதா" என்று மட்டும். அதே பத்துக் கேள்வியை எடுத்துக்கொண்டு, மூக்கையூர்ப் பிள்ளைகளும் தொண்டிப் பிள்ளைகளும் கடல் பாதுகாப்பில் சமம் என்று எழுத உட்கார்ந்தால்தான், முழு மதிப்பெண் எத்தனை பேர் என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.